பலகை பளிச், முகம் மங்கல்: தனி ஆளாகப் பாடம் பதிவு செய்த அனுபவம்

நான் கணக்கு ஆசிரியை. முக்கோணவியல் பாடம் முழுவதையும் வீடியோவாக எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒரு நீண்ட விடுமுறையை அதற்கென்றே ஒதுக்கினேன். அறையில் ஒரு ஒயிட்போர்டு, ட்ரைபாடில் ஒரு மிரர்லெஸ் கேமரா, அதில் 35 மி.மீ. லென்ஸ், வாடகைக்கு எடுத்த இரண்டு விளக்குகள், உடையில் குத்திக்கொள்ளும் மைக். கேமராவுக்குப் பின்னால் நிற்க ஆள் மட்டும் இல்லை. காலையில் தொடங்கி தொண்டை கட்டும்வரை பாடம் நடத்துவேன், மறுநாள் அதே புடவையில் மறுபடியும் தொடங்குவேன். கேமராவின் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விளக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எடிட் செய்யலாம் என்று மடிக்கணினியில் பெரிதாக ஓடவிட்டபோதுதான் தெரிந்தது. பலகையில் எழுதியிருந்த சைன், காஸ் எல்லாம் கத்தி போல் கூர்மையாக இருக்கின்றன. என் முகம் மட்டும் ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் போல் குழைந்து கிடக்கிறது. ஒரு கோப்பு மட்டும் அப்படி என்றால் தாங்கிக்கொண்டிருப்பேன். முதல் பாடத்திலிருந்து கடைசி பாடம்வரை எல்லாமே அப்படித்தான் இருந்தன. அன்று இரவு சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை. விடுமுறை போய்விட்டது, விளக்குக்குக் கொடுத்த வாடகை போய்விட்டது, இனி அதே உற்சாகத்தோடு அதே பாடத்தை எப்போது நடத்துவேன் என்றும் தெரியவில்லை.

எடிட்டிங் மென்பொருளில் கூர்மையைக் கூட்டிப் பார்த்தேன். இதை முயல நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், நேரத்தை வீணாக்காதீர்கள். ஃபோகஸ் விலகிய முகத்தில் கண் இமை ரோமம், தோலின் நுண்கோடு போன்ற விவரங்கள் கேமராவிலேயே பதிவாகவில்லை. மென்பொருள் கூர்மையைக் கூட்டும்போது இருக்கிற விளிம்புகளைத்தான் அழுத்திக் காட்டுகிறது. முகம் தெளியாது, சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிச்சமாகும். குரல் நன்றாகப் பதிவாகியிருந்ததால், பலகையில் எழுதும் பகுதிகள் சிலவற்றை மட்டும் வெட்டியெடுத்து, மீதிக்கு வரைபடங்களைப் போட்டு அதன்மேல் என் குரலை ஓடவிட்டேன். அந்த வகையில் கொஞ்சம் தேறியது.

நடந்தது என்ன என்பதைக் குறும்படங்களில் உதவி ஒளிப்பதிவாளராக வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் தொலைபேசியில் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: “அக்கா, நீங்க பட்டனை அமுக்கும்போது ஃபிரேமுக்குள்ள யார் இருந்தாங்க?” யாரும் இல்லை. நான் கேமராவுக்குப் பின்னால் அல்லவா நின்றிருந்தேன். “அப்ப அது எதைப் பிடிக்கும்? எதிர்ல இருக்கிற போர்டைத்தான் பிடிக்கும்.” அவ்வளவுதான் விஷயம். ஒருமுறை மட்டும் ஃபோகஸ் பிடித்துப் பூட்டிக்கொள்ளும் முறையில் கேமரா இருந்தால், பட்டனை அழுத்தும் அந்தக் கணத்தில் எது எதிரில் இருக்கிறதோ அந்தத் தூரத்தில் ஃபோகஸ் நின்றுவிடும். அதன்பிறகு நீங்கள் நடந்துபோய் முன்னால் நின்றாலும் அது அசையாது. புகைப்படம் எடுக்கப் பயன்படுத்தும் 10 நொடி டைமரிலும் பெரும்பாலான கேமராக்களில் இதே கதைதான். அந்த 10 நொடி நாம் ஓடிப்போய் நிற்பதற்குத்தான், ஃபோகஸ் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்பது ஆட்டோஃபோகஸுக்கு மிகவும் பிடித்தமான இலக்கு வேறு. ஒளியும் இருளும் வெடுக்கென்று சந்திக்கும் விளிம்புகளைத்தான் அது தேடுகிறது. வழவழப்பான முகத்தைவிட எழுத்துதான் அதற்கு எளிது.

அப்படியானால் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறையையும், முகத்தைக் கண்டறியும் வசதியையும் போட்டுவிட்டால் போதுமே என்று நினைத்து, அதையும் செய்து பார்த்தேன். உட்கார்ந்து நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுபவர்களுக்கு, புதிய கேமராக்களில் அது நன்றாகவே வேலை செய்யும். உங்கள் தேவை அதுதான் என்றால் தாராளமாக அதை நம்பலாம். ஆனால் பலகைப் பாடத்தில் நாம் பாதி நேரம் திரும்பி நின்று எழுதுகிறோம். முகம் மறைந்ததும் என் கேமரா பலகைக்குப் போய்விட்டது. நான் திரும்பியதும் ஒரு நொடி தயங்கி, பிறகு முகத்துக்கு வந்தது. கையை முன்னால் நீட்டினால் கைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் படம் லேசாக விரிந்து சுருங்குவதும் தெரிந்தது. சூத்திரத்தை விளக்கும்போது பின்னணி மூச்சு விடுவதுபோல் அசைந்தால் மாணவர்கள் கண் அங்கேதான் போகும். அதனால் கையால் ஒருமுறை ஃபோகஸ் வைத்து, அதை அங்கேயே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். நானும் பலகையும் சேர்ந்து தெளிவாகத் தெரியும் அளவுக்கு ஆழம் வேண்டும். நான் நிற்கும் இடத்தில், நான் இல்லாதபோது எனக்குப் பதிலாக நிற்க ஏதாவது ஒன்று வேண்டும்.

ஆழத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் இது சரியாக இல்லாவிட்டால் மற்றது எதுவும் உதவாது. என் அறையில் கேமராவிலிருந்து பலகை 3 மீட்டர். நான் பலகைக்கு 60 செ.மீ. முன்னால் நிற்கிறேன், அதாவது முகம் கேமராவிலிருந்து 2.4 மீட்டர். என் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சார். பின்னணி அழகாகக் குழைய வேண்டும் என்று நான் வைத்திருந்த அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, f/1.8. இந்த எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும், ஆழம் கூடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஃபோகஸ் பலகையில் இருக்கும்போது ஏறக்குறைய 2.76 மீட்டரிலிருந்துதான் தெளிவு தொடங்குகிறது. 2.4 மீட்டரில் நிற்கும் என் முகம் அதற்கு வெளியே. மாறாக முகத்தில் ஃபோகஸ் வைத்திருந்தால் பலகை குழைந்திருக்கும். f/1.8-இல் இரண்டும் சேர்ந்து கிடைக்க வழியே இல்லை. f/4-க்குப் போனாலும் முகத்தில் ஃபோகஸ் வைத்தால் தெளிவு 2.85 மீட்டர் வரைதான் போகிறது, பலகையை எட்டவில்லை. f/5.6-இல் அது 3 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. எனவே f/5.6 தான் எனக்குக் குறைந்தபட்சம். இந்த எண்கள் என் லென்ஸுக்கும் என் தூரத்துக்கும் உரியவை, உங்களுடையவை மாறும். ஃபோகஸ் ஆழம் கணக்கிடும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. லென்ஸ், சென்சார், தூரம், அப்பர்ச்சர் நான்கையும் கொடுத்தால் தெளிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லிவிடும். அந்த எல்லையில் திடீரென்று தெளிவு நின்றுவிடாது, மெல்ல மெல்லத்தான் குறையும். பெரிய திரையில் பார்ப்பவர்களுக்கு எல்லைக்குச் சற்று உள்ளேயே மங்கலாகத் தோன்றலாம். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே இடம் விட்டுவிடுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. f/1.8-இலிருந்து f/5.6-க்கு வந்தால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்ட, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 200-இலிருந்து 2000-க்கு ஏற்ற வேண்டியிருந்தது. நிழல் பகுதிகளில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தன. விளக்குகளை ஃபிரேமின் விளிம்புவரை நெருக்கமாகக் கொண்டுவந்த பிறகுதான் ஐஎஸ்ஓவைக் குறைக்க முடிந்தது. சின்ன விளக்கு ஒன்றுக்கும் முகத்துக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும், அதனால் புதிதாக ஒரு விளக்கு தேடுவதற்கு முன் இருப்பதை நகர்த்திப் பாருங்கள். ஒயிட்போர்டில் விளக்கு பிரதிபலிக்காத கோணம் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும். இன்னொரு வழி, பலகையை ஒட்டி நிற்பது. நமக்கும் பலகைக்கும் இடைவெளி குறையக் குறையத் தேவைப்படும் ஆழமும் குறையும். ஆனால் அப்போது நம் நிழல் பலகையில் கறுப்பாக விழும். எனக்கு 60 செ.மீ.யே தோதாக இருந்தது.

இப்போது எனக்குப் பதிலாக நிற்பவர். நாற்காலியின் முதுகில் ஃபோகஸ் வைத்துவிட்டு அதில் வந்து உட்கார்பவர்கள் பலர். அது போதாது. பேசும்போது நாம் முன்னால் சாய்கிறோம், முகம் நாற்காலி முதுகைவிட ஒரு சாணுக்கு மேல் முன்னால் வந்துவிடுகிறது. நான் செய்தது இது: உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு லைட் ஸ்டாண்டை எடுத்து, அதன் தலையில் முக அளவுக்கு ஓர் அட்டைப் பெட்டியை மாட்டினேன். பெட்டியின் முன்பக்கத்தில் பொடி எழுத்துகள் நிறைந்த அச்சுத்தாள் ஒன்றை ஒட்டினேன். அந்தத் தாள் என் கண் இருக்கும் உயரத்திலும் கண் இருக்கும் தூரத்திலும் வர வேண்டும். கண்ணுக்கு நேர் கீழே தரையில் எங்கே வருகிறது என்று அறிய, ஒரு நூலில் சாவியைக் கட்டி நெற்றிப்பொட்டருகே பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கால் விரல் நுனிக்கும் அந்த இடத்துக்கும் நல்ல வித்தியாசம் இருந்தது. ஸ்டாண்டின் நடுக்கம்பை அந்த இடத்தில் நிறுத்தி, தாள் சரியாக அதற்கு நேராக வரும்படி பெட்டியைத் திருப்பினேன். ஸ்டாண்டின் மூன்று கால்கள் தொடும் இடங்களையும், என் இரண்டு பாதங்களின் முன்விளிம்பையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்தேன். கால்களுக்கு ஒரு நிறம், பாதங்களுக்கு வேறு நிறம். பாடம் எடுக்கும்போது பாத டேப்பைக் குனிந்து பார்க்க முடியாது. அதனால் பாதத்துக்கான டேப்பின் அடியில் கயிறு ஒன்றை மடித்து வைத்தேன். வெறுங்காலுக்கு மேடு தட்டுப்படும், பார்க்காமலே இடம் தெரிந்துவிடும்.

ஸ்டாண்ட் நின்ற பிறகு கேமராவுக்கு வந்து, லென்ஸை மானுவல் ஃபோகஸுக்கு மாற்றி, திரையில் அந்த அச்சுத்தாளைக் கேமரா அனுமதிக்கும் அதிகபட்ச அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பினால் எழுத்துகள் தெளிந்து, மறுபடி மங்கும். அந்தத் தெளிவைக் கொஞ்சம் தாண்டிப் போய்ப் பின் திரும்பி வந்து நிறுத்துவதுதான் சரி, அப்போதுதான் உச்சம் எது என்று கண்ணுக்குத் தெரியும். விளிம்புகளில் சிவப்புப் புள்ளிகள் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியை மட்டும் நம்ப வேண்டாம். அது ஒரு தூர எல்லைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும், பெரிதாக்கிப் பார்க்கும்போது கிடைக்கும் துல்லியம் அதில் இல்லை. முதலில் அப்பர்ச்சரை f/1.8-க்குத் திறந்து வைத்து ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு f/5.6-க்கு மூடினேன். திறந்திருக்கும்போது தெளியும் இடம் குறுகலாக இருப்பதால் தவறவிட முடியாது. சில லென்ஸ்களில் மூடும்போது ஃபோகஸ் லேசாக நகரும் என்பதால், மூடிய பிறகும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுவேன். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் அந்தத் தாளின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டலாம், ஐபோனில் AE/AF LOCK என்று மேலே வரும். வெளிச்சமும் சேர்ந்து பூட்டப்படுவதால், வெறும் அட்டையை வைத்துப் பூட்டினால் நாம் வந்து நின்றதும் முகம் இருட்டிப் போகலாம். பாடத்துக்கு உடுத்தும் துணியையே ஸ்டாண்டின்மேல் போர்த்தி, தாளின் ஒரு பாதியை நம் தோலின் நிறத்துக்கு அருகில் இருக்கும் அட்டையால் மறைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

அந்தத் தம்பி சொல்லிக்கொடுத்த இன்னொரு வழி எனக்கு இன்றுவரை கைகொடுக்கிறது. சினிமாவில் ஃபோகஸ் பார்ப்பவர்கள் கேமராவிலிருந்து நடிகரின் கண்வரை டேப் பிடித்து அளப்பார்கள். தனி ஆளுக்கு அதையே நூலால் செய்யலாம். நூலின் ஒரு முனையை ட்ரைபாட் தலையில் லென்ஸுக்குக் கீழே கட்டி, ஸ்டாண்டில் ஒட்டிய தாள்வரை இழுத்து, சரியாக அந்த இடத்தில் ஒரு முடிச்சு போட்டேன். ஸ்டாண்டை எடுத்துவிட்டு என் பாதக் குறியில் நின்று, முடிச்சைக் கண்ணின் வெளி ஓரத்தில் வைத்தால் நூல் தொய்யாமல், இழுபடாமல் நிற்க வேண்டும். தொய்ந்தால் நான் முன்னால் வந்துவிட்டேன், எட்டவில்லை என்றால் பின்னால் போய்விட்டேன். ஒவ்வொரு பகுதி தொடங்குவதற்கு முன்பும் இதைப் பார்த்துவிட்டு நூலை ட்ரைபாட் காலில் சுற்றிவிடுவேன். யாரும் எதிரில் இல்லாத அறையில் இந்த நூல்தான் எனக்கு நிம்மதி தந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஃபிரேம் சரிபார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டைமர் வைத்து ஒரு புகைப்படம் எடுத்து, தலைக்கு மேல் இடம் இருக்கிறதா, கை வெளியே போகிறதா என்று பார்த்துவிட்டு வீடியோவுக்கு மாறுவது வழக்கம். புகைப்படம் பெரும்பாலும் 3:2 விகிதத்தில் இருக்கும், வீடியோ 16:9. அதனால் மேலும் கீழும் ஒரு பட்டை வெட்டுப்படும். 4கே பதிவிலும், டிஜிட்டல் முறையில் அசைவைக் குறைக்கும் வசதியைப் போட்டாலும், பல கேமராக்கள் பக்கங்களிலும் வெட்டுகின்றன. புகைப்படத்தில் முழுதாகத் தெரிந்த உச்சந்தலை வீடியோவில் காணாமல் போவது இதனால்தான். சரிபார்ப்பதை எப்போதும் வீடியோ முறையிலேயே, பதிவுசெய்யப்போகும் அதே அமைப்பில் செய்யுங்கள். ஸ்டாண்டின் பெட்டிதான் என் தலை என்பதால் உயரத்துக்கு அதை வைத்தே ட்ரைபாடைச் சரிசெய்ய முடிந்தது. பலகைக்கு வேறு வழி செய்தேன். என் தூரத்தில் பலகையில் 2 மீட்டர் அகலமும் 1.1 மீட்டர் உயரமும்தான் கேமராவுக்குத் தெரிகிறது. சில நொடி பதிவு செய்துகொண்டே பலகையின் நான்கு மூலைகளிலும் விரலை நகர்த்திப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, விரல் மறையும் இடத்துக்கு ஒரு விரற்கடை உள்ளே சின்ன டேப் துண்டு ஒட்டினேன். அந்த நான்கு துண்டுகளுக்கு வெளியே எழுதுவதில்லை. நான் நின்று மறைக்கும் பகுதியையும் அப்படியே குறித்துவிட்டேன், அங்கே படம் வரைந்தால் யாருக்கும் தெரியாது.

எல்லாம் சரி என்றான பிறகும், பாடம் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனைப் பதிவு எடுப்பேன். அதில் அசையாமல் நின்று பேசினால் பயனில்லை. பாடத்தில் செய்யப்போவதை எல்லாம் செய்ய வேண்டும்: முன்னால் சாய்வது, பின்னால் ஒதுங்குவது, திரும்பி எழுதுவது, கையை உயர்த்துவது. பிறகு அந்தக் கோப்பை மடிக்கணினியில் முழு அளவில் திறந்து கண் இமையைப் பார்க்க வேண்டும். கேமராவின் கையகலத் திரையில் எல்லாமே தெளிவாகத்தான் தோன்றும், என் விடுமுறையை விழுங்கியது அந்தத் திரைதான். மடிக்கணினி பக்கத்தில் இல்லையென்றால் கேமராவிலேயே ஒரு காட்சியை நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் இமையும் பலகை எழுத்தும் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டால் ஃபோகஸ் எந்தப் பக்கம் நழுவியது என்று தெரிந்துவிடும். எழுத்து கூர்மை, இமை மங்கல் என்றால் ஃபோகஸ் பின்னால் இருக்கிறது. நீட்டிய கை கூர்மை, இமை மங்கல் என்றால் முன்னால் வந்துவிட்டது.

கடைசியாக பேட்டரி. ஃபோகஸ் வளையம் லென்ஸின் கண்ணாடியோடு நேரடியாக இணைந்திருக்காமல் மோட்டார் வழியாக நகர்த்தும் லென்ஸ்கள் இப்போது நிறைய. அவற்றில் பலவற்றில் கேமராவை அணைத்தால் ஃபோகஸ் இருந்த இடம் மறந்துவிடும், பேட்டரியை மாற்றி மறுபடி போடும்போது அது வேறெங்கோ இருக்கும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானாகவே அணைந்துவிடும் வசதியும் இதே வேலையைச் செய்யும், அதை அமைப்பில் நிறுத்திவையுங்கள். சில கேமராக்களில் ஃபோகஸ் இடத்தை நினைவில் வைக்கும் வசதி இருக்கிறது, இருந்தால் போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு பேட்டரி மாற்றத்துக்குப் பிறகும் ஸ்டாண்டை அதன் மூன்று டேப் குறிகளில் மறுபடி நிறுத்தி, தாளைப் பெரிதாக்கி ஃபோகஸ் வைக்க வேண்டியதுதான். குறிகள் அப்படியே இருந்தால் இரண்டு நிமிட வேலை. அதனால் படப்பிடிப்பு எல்லாம் முடிந்து, கடைசிக் கோப்பையும் கணினியில் பார்க்கும்வரை தரையில் ஒட்டிய டேப்பை உரிக்காதீர்கள்.